அத்தியாயம் 7: நிமிர்ந்த வீடியோ எப்போது ஷார்ட் ஆகிறது?

யூடியூபில் ஒரு வீடியோவை ஏற்றும்போது "இது ஷார்ட்டா, வழக்கமான வீடியோவா?" என்று எங்கேயும் கேட்பதில்லை. தேர்ந்தெடுக்கப் பொத்தான் இல்லை. ஏற்றிய பிறகு மாற்றிக்கொள்ளவும் வழி இல்லை. கோப்பின் வடிவத்தையும் நீளத்தையும் ஏற்றிய தேதியையும் வைத்து யூடியூபே முடிவு செய்துவிடுகிறது. ஆகவே வீடியோ எந்தப் பக்கம் போகவேண்டும் என்பதை நீங்கள் முடிவு செய்யும் இடம் எடிட்டிங் ஆப்தான். யூடியூபுக்கு வந்து சேர்ந்தபின் அது தாமதம். அந்த முடிவை எப்படிச் செய்வது என்பதை இந்த அத்தியாயத்தில் ஓர் எடுத்துக்காட்டை வைத்துப் பார்ப்போம்.

எடுத்துக்காட்டு

பீர்க்கன்கரணையில் வீட்டிலேயே சாம்பார் பொடி செய்து விற்கும் ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பெருங்களத்தூர், இரும்புலியூர், வண்டலூர் என்று சுற்றுப்பக்கத்து வீடுகளுக்கு வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுக்கிறார். மிளகாய், தனியா, துவரம் பருப்பு, கடலைப் பருப்பு, மிளகு, வெந்தயம் எல்லாவற்றையும் தனித்தனியாக வறுத்து, ஆறவைத்து, மில்லில் கொடுத்து அரைத்து வாங்கி வருவதுவரை போனை நிமிர்த்திப் பிடித்துப் படமெடுத்திருக்கிறார். வெட்டி ஒட்டியபின் வீடியோ 2 நிமிடம் 40 வினாடி. அளவு 1080×1920. ஆர்டர் செய்ய ஒரு லிங்க்கை வீடியோவின் கீழே போட நினைக்கிறார். சேனலுக்கு வருமான அனுமதி வாங்கப் பார்வை மணி நேரமும் சேர்த்துக்கொண்டிருக்கிறார்.

இதை அப்படியே ஏற்றினால் ஷார்ட் ஆகிவிடும். அவர் நினைத்த இரண்டு காரியமும் நடக்காது. ஏன் என்று பார்ப்போம்.

மூன்று அளவுகோல்கள்

முதலாவது, வடிவம். படத்தின் உயரம் அகலத்துக்குச் சமமாகவோ அதைவிட அதிகமாகவோ இருந்தால் அது ஷார்ட் ஆகத் தகுதியுள்ளது. 1080×1920 தகுதியுள்ளது, 1080×1080 என்ற சதுரமும் தகுதியுள்ளது. 1920×1080 என்ற படுக்கை வடிவம் எவ்வளவு குட்டியாக இருந்தாலும் வழக்கமான வீடியோதான். சதுரமும் இந்தக் கணக்கில் வரும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. இன்ஸ்டாகிராமுக்காகச் சதுரமாகச் செய்த வீடியோவை இங்கேயும் ஏற்றிவிட்டு, அது ஏன் ஷார்ட்ஸ் பக்கம் போனது என்று குழம்புவது இதனால்தான்.

இரண்டாவது, நீளம். இப்போதைய எல்லை 3 நிமிடம். அதற்குள் இருந்தால் ஷார்ட். தாண்டினால், எவ்வளவு நிமிர்ந்த படமாக இருந்தாலும், வழக்கமான வீடியோ.

மூன்றாவது, ஏற்றிய தேதி. இங்கே கொஞ்சம் வரலாறு வேண்டும். 2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு டிக்டாக்கைத் தடை செய்தது. அதே ஆண்டு செப்டம்பரில் யூடியூப் தன் ஷார்ட்ஸை உலகிலேயே முதலில் இந்தியாவில்தான் சோதனைக்கு விட்டது. அப்போது ஷார்ட்ஸ் கேமராவில் 15 வினாடிதான் எடுக்க முடியும். பிறகு 60 வினாடி என்பது நிலையான எல்லையாகி, சில ஆண்டுகள் அப்படியே இருந்தது. 2024 அக்டோபர் 15 முதல் எல்லை 3 நிமிடமானது. அன்று அல்லது அதற்குப் பிறகு ஏற்றிய வீடியோக்களுக்கு மட்டுமே புது எல்லை பொருந்தும். அதற்கு முன் ஏற்றிய, ஒரு நிமிடத்தைத் தாண்டிய நிமிர்ந்த வீடியோக்கள் வழக்கமான வீடியோவாகவே நீடிக்கின்றன.

நம் பொடிக்காரர் 2024 செப்டம்பரில் இரண்டு நிமிட நிமிர்ந்த வீடியோ ஒன்று போட்டிருந்தால் அது இன்றும் வழக்கமான வீடியோதான். அதே போன்ற ஒன்றை அந்த நவம்பரில் போட்டிருந்தால் ஷார்ட். ஒரே சேனலில், ஒரே மாதிரி எடுத்த இரண்டு வீடியோ இரண்டு இடத்தில் கிடப்பதற்கு இதுதான் காரணம். பழையதைப் பார்த்து, "போன தடவை இப்படித்தானே செய்தோம்" என்று இப்போது கணக்குப் போடக் கூடாது.

இந்த மூன்றைத் தவிர நம் கைவேலை எதுவும் முடிவை மாற்றாது. தலைப்பில் #Shorts என்று போடுவது தொடக்க காலத்தில் யூடியூபே சொன்ன யோசனை. இப்போது அதைப் போட்டாலும் படுக்கை வீடியோ ஷார்ட் ஆகாது. போடாமல் விட்டாலும் நிமிர்ந்த குட்டி வீடியோ ஷார்ட் ஆகாமல் இருக்காது. அதேபோல் வழக்கமான வீடியோவுக்கான பாதையில் ஏற்றினாலும், கணினியில் ஸ்டூடியோ வழியாக ஏற்றினாலும், கோப்பின் அளவுதான் பேசும்.

ஷார்ட் ஆனால் என்ன மாறுகிறது?

எல்லாருக்கும் ஷார்ட் கெடுதல் இல்லை. புதிய ஆட்களின் கண்ணில் படுவதற்கு அது நல்ல வழி. ஆனால் நம் எடுத்துக்காட்டில் உள்ளவருக்கு மூன்று இடத்தில் இடிக்கிறது.

லிங்க்: ஷார்ட்டின் விளக்கக் குறிப்பிலும் கருத்துகளிலும் போடும் லிங்க்கைத் தொட்டால் திறக்காது. 2023 ஆகஸ்ட் 31 முதல் இதுதான் நிலை. ஆர்டர் லிங்க் வெறும் எழுத்தாகக் கிடக்கும். ஷார்ட்டிலிருந்து வேறெங்காவது அனுப்ப வேண்டுமானால், உங்கள் சேனலிலேயே உள்ள இன்னொரு வீடியோவை Related video என்று ஸ்டூடியோவில் இணைக்கலாம்.

பார்வை நேரம்: முழு விளம்பர வருமானத்துக்கான அனுமதி பெற 1,000 சந்தாதாரர்கள் வேண்டும். அதோடு 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வை, அல்லது 90 நாளில் 1 கோடி ஷார்ட்ஸ் பார்வை, இரண்டில் ஒன்று வேண்டும். ஷார்ட்ஸ் ஃபீடில் பார்த்த நேரம் 4,000 மணி நேரத்தில் சேராது. சாம்பார் பொடி வீடியோவை 3,000 பேர் முழுக்கப் பார்க்கிறார்கள் என்று வையுங்கள். ஒருவருக்கு 160 வினாடி. மொத்தம் 4,80,000 வினாடி. அதாவது 133 மணி நேரத்துக்குச் சற்று அதிகம். வழக்கமான வீடியோவாக இருந்தால் அத்தனையும் கணக்கில் ஏறும். ஷார்ட்டாக ஃபீடில் ஓடினால் மணிக்கணக்கில் ஒன்றும் ஏறாது. 1 கோடியை நோக்கிய ஓட்டத்தில் 3,000 பார்வைகளாக மட்டும் நிற்கும்.

பாட்டு: இதுதான் அதிகம் பேரைத் தடுக்கி விழவைப்பது. தனித் தலைப்பில் பிறகு சொல்கிறேன்.

நாம் விரும்பும் பக்கம் கொண்டுபோவது எப்படி?

நம் பொடிக்காரருக்கு மூன்று வழி இருக்கிறது.

முதல் வழி, படத்தை நிமிர்ந்தபடியே வைத்து நீளத்தை 3 நிமிடத்துக்கு மேல் கொண்டுபோவது. வெட்டி எறிந்த இடங்களைத் திரும்பப் பாருங்கள். தனியா சிவந்து மணம் வரும் பதம், மிளகாயை எந்தச் சூட்டில் இறக்குவது, மில்லுக்குக் கொடுக்கும் முன் எவ்வளவு நேரம் ஆறவிடுவது ஆகியவை பார்ப்பவருக்கு உண்மையிலேயே உதவும் பகுதிகள். அவற்றைச் சேர்த்து 3 நிமிடம் 20 வினாடி ஆக்கினால் அது வழக்கமான வீடியோ. லிங்க் திறக்கும், நேரம் ஏறும். போனில் பார்ப்பவருக்குத் திரையை நிறைத்தும் காட்டலாம். சொல்ல விஷயம் இருக்கும்வரை இதுவே நல்ல வழி. விஷயமில்லாமல் கடைசியில் 20 வினாடி வெறும் படத்தை ஒட்டி நீட்டினால் பார்ப்பவர்கள் பாதியில் போய்விடுவார்கள்.

இரண்டாம் வழி, நீளத்தை விட்டுவிட்டு வடிவத்தை மாற்றுவது. எடிட்டிங் ஆப்பில் கேன்வாஸை 16:9 ஆக வைத்து, நிமிர்ந்த படத்தை நடுவில் நிறுத்தி, இரு பக்கமும் கறுப்பாகவோ மங்கலாகவோ நிரப்பி எக்ஸ்போர்ட் செய்ய வேண்டும். யூடியூப் பார்ப்பது கோப்பின் முழுச் சட்டத்தை. உள்ளே இருக்கும் படம் நிமிர்ந்ததா என்பதை அல்ல. அதனால் இது வழக்கமான வீடியோ ஆகிவிடும். இதற்கு ஒரு விலை உண்டு. 1920 அகலச் சட்டத்தில் நிமிர்ந்த படத்துக்குக் கிடைப்பது 608 பிக்சல், கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. போனை நிமிர்த்திப் பிடித்துப் பார்ப்பவருக்கு வாணலி ஒரு சின்னப் பட்டையாகத்தான் தெரியும். டிவியில் பார்ப்பவர்கள் அதிகம் உள்ள சேனலுக்கு இது ஒத்துவரும்.

கணினியில் ffmpeg வைத்திருப்பவர்கள் இதை ஒரே கட்டளையில் செய்துவிடலாம்:

```
ffmpeg -i podi.mp4 -vf "scale=-2:1080,pad=1920:1080:(ow-iw)/2:0" -c:a copy podi_169.mp4
```

மூன்றாம் வழி, 2:40 வீடியோவை ஷார்ட்டாகவே விட்டு, முழுச் செய்முறையை நீண்ட வீடியோவாகத் தனியே ஏற்றி, ஷார்ட்டில் அதை Related video ஆக இணைப்பது. அப்படிச் செய்வதானால் 2:40 தேவையில்லை. வறுக்கும் ஒரு பதத்தை மட்டும் காட்டும் 40 வினாடி போதும். புதியவர்கள் ஷார்ட்டில் பார்த்து, நீண்ட வீடியோவுக்கு வந்து, அங்கே லிங்க்கைத் தொடுவார்கள். கையில் போதுமான காட்சிகள் இருந்தால் முதல் வழியையும் மூன்றாம் வழியையும் சேர்த்துச் செய்வதையே நான் பரிந்துரைக்கிறேன்.

எதிர்த் திசையிலும் இதே கணக்குதான். படுக்கைவசமாக எடுத்த ஒரு நிமிட வீடியோ ஷார்ட் ஆக வேண்டுமானால், 9:16 கேன்வாஸில் வைத்து, மேலும் கீழும் இடத்தை நிரப்புங்கள், அல்லது நடுப்பகுதியை மட்டும் வெட்டியெடுங்கள்.

எங்கே தவறு நேர்கிறது?

மேலிருந்து எடுக்கும் காட்சி. வாணலிக்கு மேலே போனைக் குப்புறப் பிடித்து எடுக்கும்போது, எது மேல், எது கீழ் என்று போனுக்குப் புரியாது. ரெக்கார்ட் பொத்தானைத் தொட்ட நொடியில் அது எப்படி நினைத்ததோ அப்படியே முழுக் காட்சியும் பதிவாகும். நிமிர்த்திப் பிடித்ததாக நீங்கள் நினைத்த காட்சி படுக்கையாக வந்திருக்கலாம். முதலில் போனை நேராக நிமிர்த்தி, திரையிலுள்ள குறிகள் நேராக நிற்பதைப் பார்த்து, ரெக்கார்டைத் தொட்டு, அதன்பின் வாணலியை நோக்கிக் கவிழுங்கள். தொடக்கத்தில் வரும் தேவையற்ற நொடிகளைப் பிறகு வெட்டிவிடலாம்.

முதல் துண்டின் வடிவம். பல எடிட்டிங் ஆப்களில் நீங்கள் முதலில் சேர்க்கும் துண்டு எந்த வடிவமோ, கேன்வாஸும் அந்த வடிவத்தையே எடுத்துக்கொள்ளும். படுக்கையாக வந்த அந்த வாணலிக் காட்சி முதலில் விழுந்தால், மீதி நிமிர்ந்த காட்சிகள் எல்லாம் படுக்கைச் சட்டத்துக்குள் சுருங்கிவிடும். வேலையைத் தொடங்கும்போதே கேன்வாஸ் விகிதத்தை நீங்களே தேர்ந்தெடுங்கள்.

எல்லையில் நிற்கும் நீளம். 2:59 என்று ஆப்பில் பார்த்து எக்ஸ்போர்ட் செய்த கோப்பு 3:01 ஆக வெளியே வரலாம். சில ஆப்கள் தம் பெயர் தாங்கிய முடிவுத் துண்டு ஒன்றைத் தாமாகவே கடைசியில் ஒட்டுகின்றன. ஷார்ட் வேண்டுமென்றால் 2:55க்குள் முடியுங்கள். வழக்கமான வீடியோ வேண்டுமென்றால் 3:05ஐத் தாண்டுங்கள். நடுவில் உள்ள பத்து வினாடியில் நிற்காதீர்கள்.

எக்ஸ்போர்ட் ஆன கோப்பைச் சரிபார்க்க, கேலரியில் அதன் விவரங்களைத் திறந்து அகலம், உயரம், நீளம் மூன்றையும் படியுங்கள். கணினியில் என்றால்:

```
ffprobe -v error -select_streams v:0 -show_entries stream=width,height:format=duration -of default=nw=1 podi.mp4
```

width, height, duration மூன்றும் வரிசையாக வரும். ஒன்றைக் கவனியுங்கள்: போனிலிருந்து நேரே எடுத்த, எடிட் செய்யாத கோப்பு நிமிர்ந்த படமாக இருந்தும் 1920×1080 என்று காட்டலாம். பல போன்கள் படத்தைப் படுக்கையாகவே எழுதிவிட்டு, "இதைத் திருப்பிக் காட்டு" என்ற குறிப்பைத் தனியே வைக்கின்றன. அதனால் எண்ணை மட்டும் நம்பாமல், ஓடவிட்டு நிமிர்ந்து தெரிகிறதா என்றும் பாருங்கள்.

ஒரு நிமிடத்தைத் தாண்டும்போது பாட்டு

ஆடி மாதம் அம்மன் கோயிலில் கூழ் வார்ப்பதை நிமிர்த்திப் பிடித்து 2 நிமிடம் 10 வினாடி எடுக்கிறீர்கள். பின்னால் ஒலிபெருக்கியில் அம்மன் பாட்டு முழங்குகிறது. நீங்கள் பாட்டு எதையும் சேர்க்கவில்லை. ஆனால் யூடியூபின் Content ID அந்தப் பாட்டை அடையாளம் கண்டு, உரிமையாளர் பெயரில் கோரிக்கை எழுப்பிவிடலாம்.

வழக்கமான வீடியோ என்றால் அடுத்து என்ன நடக்கும் என்பது உரிமையாளர் வைத்திருக்கும் கொள்கையைப் பொறுத்தது. பெரும்பாலும் வீடியோ ஓடும், விளம்பர வருமானம் அவருக்குப் போகும். ஷார்ட்டுக்கு விதி கடுமையானது. 3 நிமிட எல்லையோடு சேர்த்து யூடியூப் அறிவித்த விதி இது: ஒரு நிமிடத்தைத் தாண்டிய ஷார்ட்டில் Content ID கோரிக்கை நிலுவையில் இருந்தால், உலகம் முழுவதும் அது தடுக்கப்படும். உரிமையாளரின் கொள்கை எதுவானாலும் இதுதான். சேனலுக்கு எச்சரிக்கைப் புள்ளி விழாது. ஆனால் யாராலும் பார்க்க முடியாது.

இதைத் தவிர்க்க, ஸ்டூடியோவில் ஏற்றும்போது வரும் Checks என்ற கட்டத்தைத் தாண்டி ஓடாதீர்கள். வீடியோவை Private ஆகவே வைத்து, அந்தச் சோதனை முடியும்வரை பொறுங்கள். கோரிக்கை வந்தால் பாட்டை மட்டும் ஒலியடக்கலாம், வேறு பாட்டு வைக்கலாம், அல்லது பாட்டு உள்ள துண்டை வெட்டலாம். கூட்டத்தின் சத்தமும் பாட்டும் பிரிக்க முடியாதபடி கலந்திருந்தால், ஒரு நிமிடத்துக்குள் வெட்டிப் புதிதாக ஏற்றுங்கள், அல்லது 16:9 சட்டத்தில் வைத்து வழக்கமான வீடியோவாக ஏற்றுங்கள்.

ஏற்றிய பிறகு எந்தப் பக்கம் விழுந்தது என்று அறிவது

ஸ்டூடியோவில் Content பக்கத்தைத் திறந்தால் Videos, Shorts, Live என்று தனித்தனிப் பட்டிகள் இருக்கும். உங்கள் வீடியோ எதில் இருக்கிறது என்று பாருங்கள். இன்னொரு வழி முகவரி. ஷார்ட் என்றால் அதன் முகவரி youtube.com/shorts/ என்று தொடங்கி வீடியோவின் 11 எழுத்து அடையாளத்தோடு முடியும். வழக்கமான வீடியோவின் அடையாளத்தை அந்த இடத்தில் ஒட்டித் திறந்தால் முகவரி தானாகவே watch?v= என்ற வடிவத்துக்கு மாறிவிடும்.

இந்தச் சோதனையை Private நிலையிலேயே செய்துவிடுங்கள். தவறான பக்கம் விழுந்திருந்தால் அப்போது அழித்துவிட்டுத் திருத்திய கோப்பை ஏற்றுவதில் நட்டம் ஒன்றும் இல்லை. எல்லாருக்கும் திறந்துவிட்ட பிறகு அழித்தால், வந்த பார்வைகளும் கருத்துகளும் பகிர்ந்த லிங்க்குகளும் அதோடு போய்விடும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் வீடியோ தவறான பக்கம் விழுந்திருந்தாலும் அழிக்காதீர்கள். அதை அப்படியே விட்டு, நீங்கள் நினைத்த வடிவத்தை இன்னொரு வீடியோவாகச் செய்யுங்கள்.

வேறு தளங்களுக்கு இதே கோப்பைப் போட்டால்

இங்கே சொன்ன எல்லைகள் யூடியூபுக்கு மட்டும். இன்ஸ்டாகிராமில் 2022 ஜூலை முதல் 15 நிமிடத்துக்குக் குறைந்த புதிய வீடியோக்கள் ரீல்ஸாகவே பகிரப்பட்டன. ஃபேஸ்புக்கில் நீளம், வடிவம் எதுவானாலும் எல்லா வீடியோவும் ரீல்ஸாகவே ஆகும் என்று 2025 ஜூனில் அறிவித்தார்கள். ஆகவே நம் 3:20 வீடியோ யூடியூபில் வழக்கமான வீடியோவாகவும் மற்ற இரண்டிலும் ரீலாகவும் இருக்கும். கோப்பில் தவறு என்று நினைக்க வேண்டாம்.

எக்ஸ்போர்ட் பொத்தானைத் தொடுமுன்

| கோப்பு | யூடியூபில் |
|---|---|
| நிமிர்ந்தது அல்லது சதுரம், 3 நிமிடத்துக்குள் | ஷார்ட் |
| நிமிர்ந்தது அல்லது சதுரம், 3 நிமிடத்துக்கு மேல் | வழக்கமான வீடியோ |
| 16:9 படுக்கை வடிவம், எந்த நீளமும் | வழக்கமான வீடியோ |
| நிமிர்ந்த படம், 16:9 சட்டத்துக்குள் | வழக்கமான வீடியோ |
| படுக்கைப் படம், 9:16 சட்டத்துக்குள், 3 நிமிடத்துக்குள் | ஷார்ட் |

இந்த அட்டவணையை ஒரு தாளில் எழுதி எடிட் செய்யும் இடத்தில் ஒட்டிவையுங்கள். வீடியோவுக்குக் கீழே லிங்க் வேண்டுமா, பார்வை மணி நேரம் சேர வேண்டுமா, பின்னணியில் பிறர் பாட்டு இருக்கிறதா என்ற மூன்று கேள்விகளில் ஒன்றுக்காவது "ஆம்" என்றால், கோப்பு வழக்கமான வீடியோவின் வரிசையில் வருகிறதா என்று பாருங்கள். மூன்றுக்கும் "இல்லை" என்றால் ஷார்ட்டாக விடுங்கள். அதற்கு ஒரு நிமிடமே தாராளம்.